சாரம் சாய்ந்த நியர் மிஸ்: விசாரணை அறிக்கையில் மூலக்காரணம் என்று எதை எழுதுவது?

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆர். பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டுமானத்தில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். சென்ற மாதம் மாலைக் காற்றுமழையில் கப்லாக் சாரத்தின் மேற்பகுதி வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. அப்போது மேலே யாரும் இல்லை, யாருக்கும் அடியில்லை. பூச்சு வேலைக்காரர்கள், சாரத்தைக் கட்டடத்தோடு பிணைக்கும் டைகளைக் கழற்றியிருந்தார்கள். அதை மூலக்காரணமாகவும், பயிற்சி கொடுப்பதைத் தடுப்பு நடவடிக்கையாகவும் எழுதினேன். "மூலக்காரணம் கண்டறியப்படவில்லை" என்று கிளையண்ட் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டார். வேறு என்ன எழுத முடியும்?

பதில்: டையைக் கழற்றியது யார் என்பதைக் கிளையண்ட் உங்களிடம் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். டையைக் கழற்ற வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது, கழற்றிய பின் அந்தச் சாரம் பாதுகாப்பானது என்று காட்டும் பச்சை டேக்குடன் பல நாள் எப்படி நின்றது என்ற இரண்டுக்கும் உங்கள் அறிக்கையில் பதில் இல்லை. உங்கள் தளத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே உங்கள் அறிக்கையை நானே எழுதித் தர இயலாது. ஆனால் ஏறத்தாழ இதே வகையான ஒரு நிகழ்வின் விசாரணைக் குழுவில் இருந்திருக்கிறேன். அதை அடியிலிருந்து விவரித்தால், உங்கள் தளத்தில் எதைத் தேட வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அது தென்சென்னையில் ஒரு குடியிருப்புக் கட்டடம். கிழக்கு முகப்பில் 22 மீட்டர் உயரம், 15 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்தில் கப்லாக் சாரம் நின்றது. முதல் மாடி முதல் ஆறாம் மாடி வரை ஒவ்வொரு மாடியிலும் நான்கு டைகள், ஆக மொத்தம் 24. அவை அனைத்தும் ஜன்னல் திறப்பின் வழியே உள்ளே சென்று, சுவரின் உட்பக்கத்தில் ஒரு குறுக்குக் குழாயோடு கிளாம்ப் செய்யப்பட்டவை. ஒரு நாள் மாலை தேநீர் இடைவேளையின்போது மேற்கிலிருந்து இடியுடன் காற்று வந்தது. காற்று ஓய்ந்து பார்த்தபோது சாரத்தின் உச்சி கட்டடத்தை விட்டு ஏறத்தாழ ஓரடி விலகி, தெருப்பக்கம் தலைசாய்த்து நின்றது. விழவில்லை. கீழே இருந்த பாதையில் அந்த நேரத்தில் பொதுமக்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

இத்தகைய நேரத்தில் தள நிர்வாகத்துக்கு வரும் முதல் எண்ணம், சாரத்தை உடனே பிரித்துவிட வேண்டும் என்பதே. அச்சம் நியாயமானதுதான். ஆனால் அன்று கீழ்ப்பாதையை அடைத்து, மேற்பகுதியைக் கட்டடத்தின் உள்ளிருந்து தற்காலிகமாகக் கட்டி நிறுத்திய பிறகு, பிரிப்பதற்கு முன்னரே எதிர்க்கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்தும் ஒவ்வொரு மாடி ஜன்னலிலிருந்தும் படங்கள் எடுக்கப்பட்டன. விசாரணையில் கிடைத்த உறுதியான உண்மைகளில் பெரும்பகுதி அந்தப் படங்களிலிருந்து வந்தவை. உங்கள் சாரத்தை இதற்குள் பிரித்திருப்பார்கள். அப்படியானால் அன்று தொழிலாளர்கள் கைப்பேசியில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள். கட்டாயம் யாரிடமாவது இருக்கும்.

படங்களில் முதலில் கண்ணில் பட்டது ஓர் இணைப்பு. 12 மீட்டர் உயரத்தில், கட்டடத்தை ஒட்டிய உள்வரிசைச் செங்குத்துக் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடத்தில், இரு குழாய்களையும் இணைக்க உள்ளே செருகப்படும் ஸ்பிகாட்டின் துருப்பிடிக்காத பளபளப்பான பகுதி இரண்டு விரற்கடை வெளியே தெரிந்தது. அளந்தபோது 35 மில்லிமீட்டர். வெளிவரிசையில் அதே மட்டத்தில் இடைவெளி எதுவும் இல்லை. அதாவது சாரத்தின் மேற்பகுதி வெளிக்குழாய்களை அச்சாகக் கொண்டு சாய்ந்தபோது உட்குழாய்கள் தூக்கிக்கொண்டன. பிறகு ஸ்பிகாட் கோணலாகிச் சிக்கிக்கொண்டதால் திரும்ப உட்காரவில்லை. அந்த இணைப்புகளில் பூட்டு ஊசி போடுவதற்கான துளை இருந்தது, ஊசி இல்லை. மேலும், இணைப்புகள் மட்டம் மாறி மாறி வர வேண்டியவை. இங்கே எல்லாம் ஒரே மட்டத்தில் வரிசையாக வந்திருந்தன.

இதை ஒரு சிறு கணக்கால் சரிபார்க்கலாம். 1.2 மீட்டர் அகலத்தில் ஒரு பக்கம் 35 மில்லிமீட்டர் தூக்கினால், அதற்கு 10 மீட்டர் மேலே உள்ள உச்சி 29 சென்டிமீட்டர் நகர வேண்டும். நாங்கள் அளந்த ஓரடி அதற்கு மிக நெருக்கமாக வந்தது. இந்தப் பொருத்தம் முக்கியமானது. சாய்வு முழுவதும் அந்த ஒரு மட்டத்திலிருந்தே வந்தது என்பதையும், அடித்தளம் இறங்கியதால் வரவில்லை என்பதையும் அது காட்டியது. பேஸ் பிளேட்டுகளின் கீழிருந்த பலகைகளையும் மட்டம் பார்த்தோம். மழைக்குப் பிறகும் அவை இறங்கியிருக்கவில்லை. "மழையில் மண் இளகிவிட்டது" என்ற விளக்கத்தை முதல் நாளே சிலர் சொல்லிக்கொண்டிருந்ததால், அதை ஏன் விலக்குகிறோம் என்று அறிக்கையில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. விலக்கிய காரணங்களையும் ஆதாரத்துடன் எழுதுவது நல்ல அறிக்கையின் அடையாளம் என்பது என் கருத்து. பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து டைகள். பூச்சு வேலை மேலிருந்து கீழாக வருவது வழக்கம். ஆறு, ஐந்து, நான்காம் மாடிகளில் இருந்த 12 டைகளும் இல்லை. கீழே இருந்த 12 டைகளும் அப்படியே இருந்தன. ஆகவே ஏறத்தாழ 10 மீட்டர் மட்டத்துக்கு மேல் 12 மீட்டர் உயரச் சாரம் கட்டடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் நின்றிருக்கிறது. தனித்து நிற்கும் சாரத்தின் உயரம் அகலத்தைப் போல் நான்கு மடங்குக்கு மேல் போனால் அதைப் பிணைக்க வேண்டும் என்றும், மிக மேலே உள்ள டைக்கு மேல் அந்த அளவுக்கு மிகாமலே சாரம் நீளலாம் என்றும் அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி சொல்கிறது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒப்பிட எளிய அளவுகோல். இங்கே 1.2 மீட்டர் அகலத்துக்கு அது 4.8 மீட்டர்தான் வரும். நின்றதோ 12 மீட்டர்.

இந்த இடத்தில் பலர் "பலத்த காற்று" என்று எழுதி இயற்கையின் மேல் பாரத்தைப் போட்டுவிடுவார்கள். காற்று எவ்வளவு பலமாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. காற்றுச்சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் உள்ளபடி, காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 0.6 × V² நியூட்டன். V என்பது வினாடிக்கு மீட்டரில் காற்றின் வேகம். மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 15 மீட்டர் காற்றுக்கு அது 135 நியூட்டன். சாரத்தின் முகம் முழுவதும் பச்சை வலை கட்டப்பட்டிருந்தது. வலை காற்றில் பாதியைத் தடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 12 மீட்டர் மட்டத்துக்கு மேலுள்ள 150 சதுர மீட்டர் வலையின் மீது ஏறத்தாழ ஒரு டன் தள்ளுவிசை வரும். அது இணைப்பிலிருந்து சராசரியாக 5 மீட்டர் உயரத்தில் செயல்படுவதால் கவிழ்க்கும் திருப்பம் 5 டன்-மீட்டர். எதிர்த்து நிற்பது சாரத்தின் சொந்த எடை. மேற்பகுதிக்குப் பலகைகள் உட்பட 3 டன் என்று கொண்டால், அது அகலத்தின் பாதியான 0.6 மீட்டர் தூரத்தில் செயல்பட்டு 1.8 டன்-மீட்டரே தருகிறது. இதைத் திருப்பிப் போட்டால், உட்குழாய்களைத் தூக்க மணிக்கு 32 கிலோமீட்டர் வீச்சே போதும் என்று வருகிறது. அது புயல் அல்ல. கோடையில் சென்னையில் இடிமழைக்கு முன்னால் வரும் காற்று இதைச் சாதாரணமாகத் தாண்டும்.

அதே கணக்கில் டைகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்த்தோம். ஒவ்வொரு டைக்கும் 15 சதுர மீட்டர் வலை பங்காக வரும். மணிக்கு 54 கிலோமீட்டர் காற்றில் ஒரு டை தாங்க வேண்டியது சுமார் நூறு கிலோ எடைக்குச் சமமான விசை மட்டுமே. தரமான ரைட் ஆங்கிள் கிளாம்ப் ஒன்றை முறையாக இறுக்கியிருந்தால் அறுநூறு கிலோ அளவுக்கு வழுக்காமல் பிடிக்கும். இந்த இரு எண்களையும் அருகருகே வைத்தபோது, காற்று எதிர்பாராத நிகழ்வு என்ற வாதம் அறிக்கையிலிருந்து தானாகவே போய்விட்டது. ஆனால் இது தோராயக் கணக்குதான். வலையின் தடுப்பளவும் சாரத்தின் எடையும் நாங்கள் கொண்ட அனுமானங்கள். காரணத்தின் திசையைக் காட்ட இது போதும். மறுபடி சாரம் கட்டும்போது வடிவமைப்புக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும்.

இனி, டையைக் கழற்றியவர்களின் கதை. ஐந்தாம் மாடி ஜன்னல் அடிக்கட்டையின் உட்புறத்தில் நான்கு கிளாம்புகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. போல்ட்டும் நட்டும் தனித்தனியாகப் போகாமல் திருகி மாட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் டைக் குழாய்கள் சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அலட்சியமாகக் கழற்றி எறிபவர் இப்படி வைப்பதில்லை. திரும்ப மாட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது என்பதுதான் நாங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது. அப்படியிருக்க, "டையைக் கழற்றக் கூடாது" என்று அவர்களுக்கு இன்னொரு முறை வகுப்பு எடுப்பதால் எது மாறும்?

விசாரணையில் பூச்சு வேலைக்காரர்களை ஒவ்வொருவராகப் பேசவிட்டோம். பெரும்பாலோர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுடைய மேஸ்திரியையே மொழிபெயர்க்க வைத்தால் அவர் சொல்வதுதான் வாக்குமூலம் ஆகும் என்பதால், வேறு பிளாக்கில் வேலை செய்த ஒருவரை அழைத்தோம். யார் மீதும் நடவடிக்கை எடுப்பதற்காக இது கேட்கப்படவில்லை என்று திட்ட மேலாளர் முதலிலேயே சொல்லிவிட்டார். அது இல்லாமல் அடுத்து வந்த பதில் கிடைத்திருக்காது. ஜன்னல் ஓரங்களில் பூச்சு முடிக்கவும் சட்டம் பொருத்தவும் டைக் குழாய் குறுக்கே நின்றது. மேஸ்திரி சைட் இன்ஜினியரிடம் சொன்னார். இன்ஜினியர் சாரக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர்கள் இந்தப் பிளாக்கில் கட்டி ஒப்படைத்துப் பணம் வாங்கிக்கொண்டு அடுத்த தளத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். "முடித்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடுங்கள்" என்பது வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. பூச்சு வேலைக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. டையைத் திரும்ப மாட்டுவதற்கு யாருக்கும் கூலி இல்லை. ஒரு மாடி முடிந்ததும் அடுத்த மாடிக்கு இறங்கிவிட்டார்கள்.

ஐந்து முறை "ஏன்" கேட்கும் முறை பலருக்கும் தெரியும். அதில் பொதுவாக நடக்கும் தவறு, ஒரே கோட்டில் கேட்டுக்கொண்டு போய் ஒரு மனிதரிடம் வந்து நின்றுவிடுவது. இந்த நிகழ்வில் "ஏன்" குறைந்தது மூன்று கிளைகளாகப் பிரிந்தது. டை ஏன் கழற்றப்பட்டது என்பது ஒன்று. கழற்றியது ஏன் யாருக்கும் தெரியவரவில்லை என்பது இரண்டாவது. டை போனதும் சாரம் ஏன் அவ்வளவு எளிதில் தூக்கியது என்பது மூன்றாவது. ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு படமோ, ஆவணமோ, இருவர் தனித்தனியே சொன்ன வாக்குமூலமோ ஆதாரமாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஆதாரம் தீர்ந்துபோகும் இடத்தில் "ஏன்" கேட்பதையும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் எழுதுவது ஊகம்.

முதற்கிளையின் பதிலை மேலே சொல்லிவிட்டேன்: பின்னால் ஜன்னல் வேலை நடக்கப்போகும் திறப்பிலேயே டை வைக்கப்பட்டது. அந்த நாளிலேயே அது ஒருநாள் கழற்றப்படும் என்பது முடிவாகிவிட்டது. சாரத்தை வடிவமைத்தவருக்கு வேலை வரிசை தெரியாது. வேலை வரிசை போட்டவருக்கு டை எங்கே வரும் என்று தெரியாது.

இரண்டாம் கிளையில் கிடைத்தது அதைவிட முக்கியமானது. சாரத்தில் பச்சை டேக் தொங்கியது. நிகழ்வுக்கு மூன்று நாள் முன்னர் வாராந்திர ஆய்வு செய்து கையெழுத்திடப்பட்டிருந்தது. ஆய்வுப் படிவத்தில் "டைகள் சரியாக உள்ளனவா" என்ற வரிக்கு எதிரே டிக் இருந்தது. பூச்சின் ஈரம், வேலைப் பதிவேடு ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் அன்றைக்கே குறைந்தது ஆறாம் மாடி டைகள் கழற்றப்பட்டிருந்தன. ஆய்வாளர் பொய் எழுதினார் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் கீழிருந்து பார்த்தால் பச்சை வலைக்குப் பின்னால் டை தெரியாது. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் மொத்தம் எத்தனை டை, எங்கெங்கே இருக்க வேண்டும் என்று காட்டும் வரைபடமே தளத்தில் இல்லை. எத்தனை இருக்க வேண்டும் என்று தெரியாதவரிடம் "சரியாக உள்ளனவா" என்று கேட்டால் அவர் டிக் போடுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. அந்தப் படிவம் முந்தைய மாதங்களில் எந்தச் சாரத்துக்காவது "இல்லை" என்ற பதிலைப் பெற்றிருக்கிறதா என்று பழைய கோப்புகளைப் புரட்டினோம், ஒன்றுகூட இல்லை. உங்கள் தளத்திலும் இதைச் செய்து பாருங்கள்.

மூன்றாம் கிளையில் வலை வந்தது. சாரம் வந்தபோது சப்ளையர் கொடுத்த கணக்குத்தாளில் வலை இல்லை. வெறுங்குழாய்ச் சாரத்துக்கான கணக்கு அது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தூசி பற்றிப் புகார் சொன்ன பிறகு வலை கட்டப்பட்டது. அதைச் சாரத்தில் செய்த மாற்றமாக யாரும் கருதவில்லை. திரைச்சீலை மாட்டியது போல எடுத்துக்கொண்டார்கள். காற்றுச்சுமை எத்தனையோ மடங்கு கூடிவிட்டது, யாருடைய கையெழுத்தும் அதற்குத் தேவைப்படவில்லை. பூட்டு ஊசி இல்லாததும் இணைப்புகள் ஒரே மட்டத்தில் வந்ததும் இந்தக் கிளையில்தான் சேர்ந்தன. டை இருந்திருந்தால் ஊசி இல்லாதது வெளியே தெரிந்திருக்காது. எனவே அதைப் பங்களித்த காரணம் என்று எழுதினோம், மூலக்காரணம் என்று எழுதவில்லை.

எழுதும்போது எது உறுதி, எது நம்பத்தகுந்தது, எது தெரியவில்லை என்று வாக்கியத்துக்கு வாக்கியம் பிரித்துக் காட்டினோம். 12 டைகள் இல்லாதது, ஸ்பிகாட்டின் இடைவெளி, படிவத்தின் டிக், கணக்குத்தாளில் வலை இல்லாதது ஆகியவை உறுதி. வாய்மொழி அனுமதி, மூவர் தனித்தனியே சொன்னதாலும் இன்ஜினியர் மறுக்காததாலும் நம்பத்தகுந்தது. தளத்தில் அப்போது வீசிய காற்றின் வேகம் தெரியாது. நுங்கம்பாக்கத்திலோ மீனம்பாக்கத்திலோ பதிவான வேகத்தைப் பக்கத்து நிலையத்தின் அளவு என்று குறிப்பிடலாம். ஆனால் இடிமழைக் காற்று சில கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே பெரிதும் மாறும் என்பதால் அதைத் தளத்தின் வேகமாக எழுதக் கூடாது. "தெரியவில்லை" என்று எழுதினால் கிளையண்ட் திருப்பி அனுப்புவார் என்ற பயம் வேண்டாம். என் அனுபவத்தில், எல்லாம் தெரிந்ததாக எழுதப்பட்ட அறிக்கைகளே அதிகம் திரும்பி வருகின்றன.

இதன்படி மூலக்காரணப் பகுதி கடைசியில் இப்படி அமைந்தது: "பின்னர் நடைபெறும் ஜன்னல் மற்றும் பூச்சு வேலைகளைக் கருதாமல் டைகளின் இடம் தீர்மானிக்கப்பட்டதாலும், கட்டி ஒப்படைக்கப்பட்ட பிறகு சாரத்தில் மாற்றம் செய்யும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்படாததாலும், டைகளின் எண்ணிக்கையும் இடமும் ஆவணப்படுத்தப்படாத நிலையில் ஆய்வு நடைபெற்றதாலும், வலை கட்டியது மாற்றமாக மதிப்பிடப்படாததாலும் சாரத்தின் மேற்பகுதி பிணைப்பின்றி இருந்தது கண்டறியப்படவில்லை." டையைக் கழற்றிய செயல் உடனடிக் காரணம் என்ற தலைப்பில் ஒரே வாக்கியமாக இருந்தது. ஒரு வாக்கியம் மூலக்காரணமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு: அந்த மேஸ்திரியையும் அந்தக் குழுவையும் மாற்றி வேறு நல்ல குழுவைக் கொண்டுவந்தால் இது மறுபடி நடக்குமா? நடக்கும் என்றால் நீங்கள் எழுதியது இன்னும் உடனடிக் காரணம்தான்.

தடுப்பு நடவடிக்கைகள் மூன்று கிளைகளுக்கும் தனித்தனியே எதிர்நிற்க வேண்டும். முதலாவதற்கு, டையை ஜன்னலிலிருந்து வெளியே கொண்டுவந்தோம். ஸ்லாப் விளிம்பிலோ தூணிலோ துளையிட்டு ஆங்கர் போட்டு, வளையமுள்ள போல்ட்டில் டையைக் கோத்தால், ஜன்னல் வேலை நடக்கும்போது அது குறுக்கே வராது. சாரம் இறங்கும்போது மேலிருந்து கடைசியாகக் கழற்றி அந்தத் துளையை மட்டும் அடைத்தால் போதும். ஆங்கரை இழுத்துச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். செங்கல் சுவரிலோ ஏ.ஏ.சி. பிளாக்கிலோ போட்ட ஆங்கரை நம்பக் கூடாது. இது செலவு கூடுதலானது, துளையிடக் கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதலும் வேண்டும். நிர்வாகம் தயங்கத்தான் செய்யும். ஆனால் கழற்ற வேண்டிய தேவையையே நீக்குவது இது ஒன்றுதான். இதைச் செய்ய இயலாத முகப்புகளில், பக்கத்தில் மாற்று டையைக் கட்டிய பிறகே பழையதைக் கழற்றுவது என்ற வரிசை எழுத்தில் வேண்டும்.

அதைச் செய்ய ஆள் வேண்டுமே. சாரக்காரர்களின் ஒப்பந்தம் கட்டும் நாளோடு முடியாமல், பிரிக்கும் நாள் வரை இருவர் தளத்தில் இருக்கும்படி மாற்றப்பட்டது. எனக்குத் தெரிந்தவரை அந்த அறிக்கையில் அதிகம் பலன் தந்த வரி இதுவே. பாதுகாப்புப் பிரிவால் மட்டும் இதைச் செய்ய முடியாது, கொள்முதல் பிரிவு கையெழுத்திட வேண்டும். அதனால்தான் நடவடிக்கைக்கு எதிரே "பாதுகாப்பு அலுவலர்" என்று எல்லா இடத்திலும் எழுதும் பழக்கத்தை விட வேண்டும் என்கிறேன். உங்களுக்கு அதிகாரம் இல்லாத ஒன்றுக்கு உங்கள் பெயரைப் போட்டால் அது முடியாது.

இரண்டாம் கிளைக்கு, ஒவ்வொரு முகப்புக்கும் டை வரைபடம் ஒன்று வரையப்பட்டது. டைக்கு எண் கொடுத்து, குழாயின் உட்புற முனையில் மஞ்சள் பெயின்ட் அடித்து அந்த எண்ணை எழுதினார்கள். ஆய்வாளர் இனி "சரி" என்று டிக் போடுவதில்லை. கட்டடத்தின் உள்ளே மாடி மாடியாக நடந்து, இருக்கும் டைகளின் எண்களை எழுதுகிறார். ஒன்று குறைந்தால் டேக் சிவப்புக்கு மாறும். காற்றுமழைக்குப் பிறகும், சாரத்தில் எந்த மாற்றம் செய்த பிறகும் இதே நடை மறுபடி உண்டு. மூன்றாவதற்கு, வலை, தார்ப்பாய், விளம்பரத் துணி எதுவாக இருந்தாலும் சாரத்தில் கட்டுவதற்கு முன் வடிவமைப்பாளரின் எழுத்து ஒப்புதல் வேண்டும் என்றும், ஸ்பிகாட் ஊசி இல்லாத சாரத்தை ஏற்பதில்லை என்றும் விதியானது.

சென்னை வானிலை ஆய்வு மையத்தின் உடனடி முன்னறிவிப்பைப் பார்த்து மேலே இருப்பவர்களை இறக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. அது ஆட்களைக் காக்கும். சாரத்தையோ, அதன் கீழே தெருவில் நடப்பவரையோ காக்காது. ஆகவே அதை டை நடவடிக்கைக்கு மாற்றாக ஏற்காதீர்கள். பயிற்சியும் இருந்தது, ஆனால் கடைசி வரியாக. அதுவும் பூச்சு வேலைக்காரர்களுக்கு மட்டும் அல்லாமல், வாய்மொழியாக அனுமதி கொடுக்கும் நிலையில் இருந்த சைட் இன்ஜினியர்களுக்கும்.

யாருக்கும் அடியில்லை என்பதை உங்கள் அறிக்கையின் தீவிரத் தரவரிசையில் எப்படிக் குறித்தீர்கள் என்று பாருங்கள். "சிறியது" என்று குறித்திருந்தால் மாற்றுங்கள். தேநீர் வேளை என்பது ஒரு தடுப்பு ஏற்பாடு அல்ல. நடந்திருக்கக்கூடியது பல உயிரிழப்பு என்பதால் தரவரிசை அதன்படியே வர வேண்டும். 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த மத்திய விதிகள், சாரம் இடிந்து விழுவதை ஆளுக்குக் காயம் இல்லாவிட்டாலும் அறிவிக்க வேண்டிய ஆபத்தான நிகழ்வுகளில் சேர்த்திருந்தன. சாய்ந்து நின்றது அதில் அடங்குமா என்பது விவாதத்துக்குரியது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டதால், இப்போதைய படிவமும் கால வரம்பும் எவை என்பதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலை அறிக்கையோடு இணையுங்கள்.

கடைசியாக, நடவடிக்கை முடிந்தது என்பதற்கு வருகைப் பதிவேட்டை ஆதாரமாக வைக்காதீர்கள். அறிக்கையில் ஒரு சரிபார்ப்புத் தேதி குறித்து, அன்று சாரத்துக்கோ ஆய்வுக்கோ தொடர்பில்லாத ஒருவர் டை வரைபடத்துடன் ஏதேனும் ஒரு முகப்பில், பூச்சு வேலை நடந்துகொண்டிருக்கும் மாடியில் நடந்து எண்ணிப் பார்க்கட்டும். வேலை முடிந்த முகப்பில் எண்ணுவது பயன் தராது. டை காணாமல் போவது வேலை நடக்கும் மாடியில்தான். எண்ணிக்கை குறைந்தால், அந்த டைக்குப் பதிலாகக் கட்டிய மாற்று டையையும் அதற்கான அனுமதிச்சீட்டையும் அவர் கேட்க வேண்டும். இரண்டும் இருந்தால் நடவடிக்கையை மூடலாம்; இல்லையென்றால் அறிக்கை இன்னும் திறந்தே இருக்கிறது.